முழு விலை கொடுத்தவருக்கே பங்கு

பில் போடும்போது கைப்பேசி எண் கேட்பார்கள். சொன்னால் பாயிண்ட் ஏறும். பாயிண்ட் சேர்ந்தால் அடுத்த முறை கொஞ்சம் தள்ளுபடி. பெரும்பாலான கடைகளின் வாடிக்கையாளர் திட்டம் இதோடு முடிந்துவிடுகிறது.

இதன் கணக்கைப் பார்ப்போம். 80 ரூபாய்க்கு வாங்கிய பொருளை 100 ரூபாய்க்கு விற்றால் லாபம் 20. பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் மிஞ்சுவது 10. பழைய லாபத்தை எட்ட இரண்டு மடங்கு விற்க வேண்டும். ஆனால் அந்தத் தள்ளுபடியில் பெரும்பகுதி, எப்படியும் வாங்க வந்திருக்கும் பழைய வாடிக்கையாளருக்கே போகிறது. சில மாதங்களில் அவரும் ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறார்: தள்ளுபடி வரும்வரை காத்திருப்பது. கடையே காசு செலவழித்து அவருக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்த ஆர்இஐ என்ற கடை இதற்கு வேறு வழி கண்டது. 1938-ல் லாயிட் ஆண்டர்சன், மேரி ஆண்டர்சன் தம்பதி தங்கள் மலையேறும் நண்பர்களோடு தொடங்கிய கூட்டுறவு அது. பனிமலை ஏறத் தேவையான நல்ல கோடரி உள்ளூரில் கொள்ளை விலை விற்றது. ஆஸ்திரியாவிலிருந்து தருவித்தால் அந்த விலையில் ஒரு சிறு பங்குதான் ஆனது. எல்லோருக்குமாகச் சேர்த்து வாங்கத் தொடங்கினார்கள், சங்கம் உருவானது.

இன்று 30 டாலர் கட்டினால் ஆயுள் முழுக்க உறுப்பினர். வருடக் கட்டணம் கிடையாது. வருடத்துக்கு ஒரு முறை, வாங்கிய தொகையில் பொதுவாகப் பத்து சதவீதம் கடைக் கணக்கில் திரும்ப வரும். இதுவும் அதே பத்து சதவீதம்தானே என்று தோன்றும். முக்கியமான வேறுபாடு ஒரே ஒரு விதியில் இருக்கிறது: முழு விலை கொடுத்து வாங்கிய பொருளுக்கு மட்டுமே அந்தப் பங்கு உண்டு. தள்ளுபடி விலையில் வாங்கினால் கிடையாது. அதாவது, காத்திருப்பவருக்கு அன்றைய விலைக்குறைப்போடு சரி. தேவைப்பட்டபோது வந்து வாங்கியவருக்கு அடுத்த ஆண்டு பங்கு. கூட்டுறவில் லாபம் அங்கத்தினருக்குத் திரும்ப வேண்டும் என்ற பழைய கொள்கைதான் இப்படி விதியாகியிருக்கிறது.

ஓர் உறுப்பினர் 300 டாலருக்கு முழு விலையில் கூடாரம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு 30 டாலர் பங்கு வருகிறது. கட்டிய சந்தா அப்போதே திரும்பிவிட்டது. நான்கு வருடம் கழித்துக் குடும்பத்துக்கு அந்தக் கூடாரம் போதவில்லை. அதைக் கடைக்கே கொண்டுபோகிறார். கிழிசல் இருக்கிறதா, மறுபடி விற்கும் நிலையில் இருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ற தொகையை அவர் கணக்கில் வைக்கிறார்கள். புதிதாக வாங்க வசதியில்லாத இன்னொருவர் கையில் கூடாரம் மறுபடி காட்டுக்குப் போகிறது. பழையதை விற்பதால் புதியதன் விற்பனை ஓரளவு குறையத்தான் செய்யும். அதைத் தெரிந்தே செய்வதால்தான் இந்தச் சலுகையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

2015-ல், வருடத்தின் மிகப் பெரிய தள்ளுபடி நாளான பிளாக் ஃபிரைடே அன்று, இந்தக் கடை எல்லாக் கிளைகளையும் மூடியது. ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு விடுமுறை தந்து, எல்லோரும் வெளியில் இயற்கையோடு இருங்கள் என்றது. அட்டையில் எழுதிய கொள்கைக்காக அன்று ஒரு நாள் வியாபாரத்தையே விட்டுக்கொடுத்தார்கள்.

தவறும் நடந்திருக்கிறது. வாங்கிய பொருள் பிடிக்கவில்லை என்றால் எத்தனை வருடம் கழித்தும் திருப்பித் தரலாம் என்று ஒரு காலத்தில் வாக்களித்திருந்தார்கள். நம்பிக்கையைக் காட்டும் வாக்குறுதிதான். ஆனால் தேய்ந்துபோன செருப்பைக் கொடுத்துப் புதிது வாங்குவோர் பெருகினர். இது வாடகைக் கடையா என்று மக்களே கேலி பேசினர். சிலருடைய பேராசைக்கான செலவை மற்ற உறுப்பினர்கள் ஏற்க வேண்டியிருந்தது. 2013-ல் அந்தக் காலத்தை ஒரு வருடமாகச் சுருக்கினார்கள். சலுகை எவ்வளவு உயர்ந்த எண்ணத்தில் பிறந்தாலும் அதற்கு எல்லை வேண்டும்; அதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது. பிறகு குறைத்தால் கொடுத்ததைப் பிடுங்கியதாகவே படும்.

விலைக்குறைப்பு விற்பனையை ஆர்இஐ முற்றிலும் விட்டுவிடவும் இல்லை. பருவ விற்பனையும் உறுப்பினர் கூப்பனும் அங்கே உண்டு. திட்டத்தின் ஒரே தூணாக அதை வைக்கவில்லை என்பதுதான் விஷயம்.

கடை நடத்துபவர்கள் தங்கள் திட்டத்தைச் சோதிக்க பில் புத்தகமே போதும். தள்ளுபடி இல்லாத நாட்களில் உறுப்பினர்கள் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால், அவர்கள் வருவது உங்களுக்காக அல்ல, விலைக்காக. அடுத்த அட்டையை அச்சடிக்கக் கொடுக்கும் முன், நீங்கள் விற்ற பொருளைப் பழுதுபார்த்துத் தர ஒரு மேசையைப் போட்டுப் பாருங்கள்.