காப்பிப் பையில் முதலில் தேட வேண்டியது வறுத்த தேதி

நகரங்களில் இப்போது பெருகிவரும் சிறிய காப்பி வறுக்கும் கடைகளில் 250 கிராம் பை ஒன்றின் விலை எளிதாக 40 வெள்ளியைத் தாண்டுகிறது. அதே பணத்துக்கு மளிகைக் கடையில் வீட்டுக்குப் பல வாரம் வரும் காப்பித் தூள் கிடைத்துவிடும். கூடுதல் விலை எதற்கு என்று கேட்டால், கடைக்காரர் பையின் லேபலைக் காட்டுவார். அதில் இருப்பது பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'சிக்மகளூர், இந்தியா. 1,200 எம்.ஏ.எஸ்.எல். எஸ்.795. மீடியம் ரோஸ்ட். வெல்லம், ஆரஞ்சு, ஏலக்காய்.'

வெல்லமும் ஏலக்காயும் உள்ளே கலந்திருக்கின்றனவா? 1,200 என்பது எதன் கணக்கு? எஸ்.795 என்பது என்ன, மருந்தின் பெயரா? இந்தச் சந்தேகங்கள் எல்லாருக்கும் வரும். ஆனால் பணம் கொடுப்பதற்கு முன் தேட வேண்டியது இவை எதுவுமில்லை. பையின் அடியிலோ பின்புறத்திலோ சிறிய எழுத்தில் முத்திரையிட்டிருக்கும் 'ரோஸ்டட் ஆன்' என்ற தேதிதான் அது. லேபலில் உள்ள மற்ற விவரங்களை விற்பவர் சொல்ல நாம் நம்ப வேண்டும். தேதியை மட்டும் வீட்டில் வெந்நீர் ஊற்றியே ஓரளவு சோதித்துவிடலாம்.

காப்பிக் கொட்டை வறுபடும்போது அதன் உள்ளே கரியமில வாயு உண்டாகித் தங்கிவிடுகிறது. வறுத்த நாளிலிருந்து அது மெல்ல வெளியேறுகிறது. பையின் முகப்பில் பொத்தான் போல ஒரு சிறிய வட்டம் இருக்குமே, அது இந்த வாயு வெளியே போவதற்கான ஒருவழிப் பாதை. காற்று அதன் வழியே உள்ளே வராது. வறுத்த முதல் சில நாள்களில் வாயு மிக அதிகம் என்பதால் வெந்நீர் தூளுக்குள் சரியாக இறங்காது, சுவையும் முழுமையாக வராது. எனவே ஐந்து, ஆறு நாள் விட்டுக் குடிப்பது நல்லது. அதன்பின் ஏறத்தாழ ஒரு மாதம் வரை கொட்டை நல்ல நிலையில் இருக்கும். பிறகு வாசம் குறைந்துகொண்டே போகும். பையைத் திறந்துவிட்டால் இரண்டு, மூன்று வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. அரைத்த தூளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அரைத்தவுடன் காற்றுப் படும் பரப்பு பல மடங்கு கூடிவிடுவதால் சில நாள்களிலேயே மணம் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால், பல பைகளில் வறுத்த தேதியே இருப்பதில்லை. 'பெஸ்ட் பிஃபோர்' என்றோ 'தாரிக் லுபுட்' என்றோ காலாவதித் தேதி மட்டும் இருக்கும். ஜூன் மாதத்தில் ஒருவர் வாங்கும் பையில் அடுத்த ஆண்டு மார்ச் 10 என்று அச்சிட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது, புதுச் சரக்கு என்றுதான் தோன்றும். அந்த நிறுவனம் வறுத்த நாளிலிருந்து 12 மாதம் கணக்கிட்டிருந்தால், கொட்டை வறுபட்டது இந்த ஆண்டு மார்ச்சில். இப்போது அதற்கு மூன்று மாத வயது. 18 மாதம் கணக்கிட்டிருந்தால் வறுபட்டது சென்ற ஆண்டு செப்டம்பரில். வயது ஒன்பது மாதம். இரண்டில் எது என்று லேபல் சொல்லாது. காலாவதித் தேதி, நிறுவனம் தானே கணக்கிட்டுப் போடும் எல்லை. மணம் இருக்கிறதா என்பது வேறு விஷயம். கப்பலில் வந்து கிடங்கில் கிடந்து அலமாரிக்கு ஏறிய வெளிநாட்டுப் பைகளில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும்.

வீட்டுச் சோதனை எளிது. இரண்டு தேக்கரண்டி தூளை வடிகட்டியில் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் கொதி அடங்கிய வெந்நீரை ஊற்ற வேண்டும். வாயு மிச்சம் இருந்தால் தூள் மாவு பொங்குவதுபோல் உப்பி, குமிழி விட்டு எழும். நனைந்த மண்போல் அப்படியே படிந்து கிடந்தால் வாயு போய்விட்டது, அதோடு மணமும் பெரும்பகுதி போயிருக்கும். கடையில் தூளாக அரைத்து வாங்கியதென்றால், வறுத்து சில நாளே ஆகியிருந்தாலும் உப்பாமல் போகலாம். ஆகவே இது கொட்டையாக வாங்கி வீட்டில் அரைப்பவர்களுக்கான சோதனை. நம் நாட்டு ஈரப்பதத்தில் திறந்த பையைக் குளிர்ப்பெட்டியில் வைத்து எடுப்பது இன்னும் மோசம். வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் கொட்டையின்மேல் நீர் கோக்கும்.

தேதி சரியாக இருந்தால் அடுத்து அந்த 1,200-க்கு வரலாம். எம்.ஏ.எஸ்.எல். என்பது கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் செடி வளர்ந்தது என்பதைக் குறிக்கிறது. கேமரன் மலையின் தானா ராத்தா ஏறத்தாழ 1,400 மீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால் உயரம் கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறைகிறது. 1,200 மீட்டரில் கடலோரத்தைவிட ஏழு டிகிரி குளிர்ச்சி. குளிரில் காப்பிப் பழம் மெதுவாகப் பழுக்கிறது. கொட்டை இறுகி, இனிப்பும் புளிப்பும் கூடி வருகின்றன. லேபலில் உயரம் போடுவது இதற்காகத்தான்.

ஆனால் பெரிய எண்தான் நல்ல காப்பி என்று எடுத்துக்கொள்வது தவறு. பூமத்திய ரேகைக்கு அருகிலுள்ள எத்தியோப்பியாவில் 1,800 மீட்டருக்கு மேல் காப்பி விளைவது சாதாரணம். ரேகையை விட்டு விலகிப் போகப் போக, அதே குளிர் குறைந்த உயரத்திலேயே கிடைத்துவிடுகிறது. பெயர்பெற்ற ஹவாயின் கோனா காப்பி சில நூறு மீட்டர் உயரத்திலேயே விளைகிறது. சிக்மகளூருக்கு 1,200 என்பது நல்ல உயரம்தான். எத்தியோப்பியப் பையின் 2,000-ஐ அதோடு ஒப்பிட்டு, இது மட்டம் என்று தள்ளிவிடக் கூடாது. ஒரே வட்டாரத்துப் பைகளை மட்டும்தான் உயரத்தை வைத்து ஒப்பிடலாம். இன்னொன்று: '1,150 - 1,250' என்று குறுகலாக எழுதியிருந்தால், கொட்டை எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று விற்பவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம். '900 - 1,800' என்றிருந்தால் பல இடத்துச் சரக்கு கலந்திருக்கலாம். அந்த எண் வாங்குவோருக்கு எதையும் சொல்லவில்லை.

உயரக் கணக்கு பெரும்பாலும் அராபிக்கா என்ற இனத்துக்கு உரியது. ஜொகூரில் பத்து பஹாட் வட்டாரத்தில் விளையும் லைபீரிக்கா, வெப்பமான தாழ்நிலத்திலேயே செழிப்பது. அந்தப் பையில் உயரம் போடாததைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. அராபிக்கா, ரோபஸ்டா, லைபீரிக்கா என்பவை தனித்தனி இனங்கள். மாமரம், பலாமரம் அளவுக்கு வேறானவை அல்ல என்றாலும் ஒன்றல்ல. எஸ்.795 போன்ற பெயர்கள் அராபிக்கா இனத்துக்குள் உள்ள ரகங்கள். மல்கோவா, பங்கனபள்ளி எல்லாம் மாங்காய்க்குள் இருப்பதுபோல. '100 விழுக்காடு அராபிக்கா' என்று பெரிதாக எழுதி ரகத்தைச் சொல்லாமல் விடுவது, 'இது மாம்பழம்' என்று சொல்லி விற்பதற்குச் சமம். பொய்யில்லை, ஆனால் தகவலும் இல்லை.

எஸ்.795-க்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1869-இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய், அந்நாட்டின் காப்பித் தோட்டங்களையே அழித்தது. நோய் தாங்கும் செடியைத் தேடியவர்களின் பார்வை லைபீரிக்கா பக்கம் திரும்பியது. மலாயாவிலும் அது நடப்பட்டது. பால்மரம் வருவதற்கு முன் 1890-களில் சிலாங்கூரில் தமிழர்கள் வேலை செய்த பல தோட்டங்கள் லைபீரிக்கா காப்பித் தோட்டங்கள்தாம். பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்தபின் அவை ரப்பருக்கு மாறின. இந்தியாவிலோ, அராபிக்காவும் லைபீரிக்காவும் இயற்கையாகக் கலந்து பிறந்த ஒரு செடியைத் தேர்ந்து வளர்த்தார்கள். அந்த வழியில் வந்த எஸ்.288-ஐ கென்ட் என்ற ரகத்தோடு இணைத்து, சிக்மகளூர் மாவட்டத்தின் பாலெஹொன்னூர் ஆய்வு நிலையம் 1940-களில் எஸ்.795-ஐ வெளியிட்டது. எஸ் என்பது தேர்வு எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. நம் தாத்தா பாட்டி நட்ட லைபீரிக்காவின் உறவு அந்த 40 வெள்ளிப் பைக்குள்ளும் ஒரு துளி இருக்கிறது.

கடைசியாக வெல்லம், ஆரஞ்சு, ஏலக்காய். இவை எதுவும் பைக்குள் இல்லை. சுவை பார்ப்பவர்கள் 150 மில்லிலிட்டர் வெந்நீருக்கு 8.25 கிராம் என்ற அளவில் தூளை ஊறவைத்து, பாலும் சீனியும் இல்லாமல் கரண்டியால் உறிஞ்சி, நாக்குக்கு எது நினைவுக்கு வருகிறதோ அதை எழுதுகிறார்கள். ஆகவே எழுதுபவர் எந்த ஊரில் எதைச் சாப்பிட்டு வளர்ந்தவர் என்பதையும் அந்தச் சொற்கள் காட்டிக்கொடுக்கும். லைபீரிக்காவில் பலாப்பழ வாசம் என்று எழுதியிருந்தால் நமக்கு உடனே புரிகிறது. 'புளூபெர்ரி' என்றால் எத்தனை பேருக்குப் புரியும்? உண்மையிலேயே வாசனை சேர்த்திருந்தால் பொருள்களின் பட்டியலில் 'பெரிசா' என்ற சொல் இருக்கும். அது இல்லையென்றால் அந்தச் சொற்கள் வெறும் வருணனையே.

வருணனையைச் சொல் சொல்லாகப் பார்ப்பதைவிட, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பது பயன் தரும். எலுமிச்சை, பெர்ரி, பூ என்று வந்தால் புளிப்பு முன்னால் நிற்கும் இளவறுவல். அதில் பாலை ஊற்றினால் பலருக்கு அது திரிந்த பால்போல் தோன்றும், பணமும் வீண். சாக்லெட், கடலை, வெல்லம் என்று வந்தால் நடுத்தர வறுவல், பாலோடு ஒத்துப்போகும். மேலே சொன்ன சிக்மகளூர் பை இந்தப் பக்கம்தான். வீட்டில் காலையில் பால் காப்பி போடுகிறவர்கள் இதை வாங்கலாம்.

கோப்பிக் கடைக் 'கோப்பி-ஓ'வின் கருப்பும் கனமும் வேண்டும் என்பவர்களுக்கு இந்த லேபல்கள் எதுவும் உதவாது. அந்தச் சுவை, கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பதால் வருவது. அந்தத் தூள் பாக்கெட்டில் பார்க்க வேண்டியது பொருள்களின் பட்டியல். எடையில் எது அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது மலேசிய உணவு விதி. பட்டியலில் சீனி முதலில் நின்றால், அந்தப் பாக்கெட்டில் காப்பியைவிடச் சீனியே எடையில் அதிகம்.