புள்ளி, வளைகோடு, ஓய்வு

மெலோடிக்கா பழகத் தொடங்கிய நாட்களில் ஒரே இடத்தில்தான் எப்போதும் தடுக்கி விழுவேன். எல்லோரையும் விட அரைத் தட்டு முந்திவிடுவேன். சுரம் சரி, அதன் நீளம்தான் பிழை. அந்த இடம், 1824இல் வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறிய பேத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனியில் வரும் மகிழ்ச்சிப் பாடலின் மெட்டு.

ஐந்து கோடுகளில் குறி நிற்கும் உயரம் எந்தச் சுரம் என்று சொல்லும். குறியின் உருவம் எவ்வளவு நேரம் என்று சொல்லும். இந்த மெட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு தட்டுகள். வெறும் வெள்ளை முட்டை செமிபிரீவ், நான்கு தட்டு. அதற்குக் கால் முளைத்தால் மினிம், இரண்டு தட்டு. உள்ளே கறுத்தால் குரோச்செட், ஒரு தட்டு. காலில் வாலும் சேர்ந்தால் குவேவர், அரைத் தட்டு.

மெட்டின் முதல் மூன்று கட்டங்களும் குரோச்செட்டுகளே. நான்காவது கட்டத்தில் முதல் குரோச்செட்டின் பக்கத்தில் ஒரு புள்ளி இருக்கும். புள்ளி, குறியின் நீளத்தில் பாதியைக் கூட்டும்: ஒன்றுடன் அரை, ஒன்றரை. அடுத்து குவேவர் அரை, பிறகு மினிம் இரண்டு. மொத்தம் நான்கு. நான் புள்ளியைக் கவனிக்காமல் வாசித்ததால் மூன்றரைதான் வந்தது. கட்டத்தைக் கூட்டிப் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.

எண்ணுவதற்கு நம் ‘உம்’ போதும். "ஒன்-றும், ரெண்-டும், மூன்-றும், நான்-கும்" என்று சொல்லிக் கை தட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் அரைத் தட்டு. புள்ளிக் குரோச்செட் "ஒன்-றும் ரெண்" வரை நீளும். "டும்" என்னும்போது குவேவர். "மூன்-றும் நான்-கும்" முழுவதும் மினிம்.

வளைகோடு இதே மெட்டில் பின்னால் வரும். கடைசி வரியின் முதல் சுரம், முந்திய கட்டத்தின் நான்காவது தட்டிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்தில் ஒரு தட்டுக்குத்தான் இடம் இருப்பதால் மினிம் எழுத முடியாது. ஆகவே இரு பக்கமும் ஒவ்வொரு குரோச்செட் எழுதி, இரண்டையும் வளைகோட்டால் இணைக்கிறார்கள். ஒரே தடவை ஊத வேண்டும். இரண்டாவதை மீண்டும் தொடங்கக் கூடாது. தொடக்கநிலைப் புத்தகங்கள் பலவற்றில் இந்த வளைகோட்டை நீக்கி எளிதாக்கியிருப்பார்கள். வளைகோடு ஒரே உயரத்தில் உள்ள, அடுத்தடுத்த இரு குறிகளை இணைத்தால்தான் நீளங்கள் கூடும். வெவ்வேறு சுரங்களை இணைத்தால், அவற்றை இடைவெளியின்றி வாசி என்பதே பொருள்.

ஓய்வுக் குறிகளுக்கும் அதே நீளங்கள் உண்டு. செமிபிரீவ் ஓய்வு கீழிருந்து நான்காவது கோட்டில் தொங்கும் கறுப்புக் கட்டை. மினிம் ஓய்வு மூன்றாவது கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கும். குரோச்செட் ஓய்வு வளைந்து நெளிந்த கோடு. குவேவர் ஓய்வு ஏறக்குறைய 7 போலிருக்கும். நான்காவது கட்டத்தின் மினிமுக்குப் பதில் ஒரு குரோச்செட்டும் அதன் ஓய்வும் இருந்தால், "மூன்-றும்" வரை ஊதி "நான்-கும்" என்பதை மனதுக்குள் எண்ண வேண்டும். ஓய்வில் சத்தம்தான் நிற்கும், எண்ணிக்கை நிற்காது. அதை மறந்தவர்தான் அடுத்த கட்டத்தில் தனியாக முந்திக்கொண்டு ஊதுவார், அனுபவத்தில் சொல்கிறேன்.