கவுன்டர் மூடும் நேரமே கணக்கு

தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது பெட்டியில் இடம் இருக்கும். திரும்பும்போதுதான் முறுக்கு, அதிரசம், நெய், ஊறுகாய், புது அரிசி என்று எல்லாம் ஏறிக்கொள்ளும். விழுப்புரம் பக்கத்து ஊரிலிருந்து டெல்லிக்குத் திரும்பும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். பண்டிகை முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை இரவு 7.30-க்குச் சென்னையிலிருந்து விமானம்.

இவர்கள் மனதில் வைக்க வேண்டிய நேரம் 7.30 அல்ல, 6.30. உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுன்டரைப் பெரும்பாலான நிறுவனங்கள் 60 நிமிடம் முன்பே மூடிவிடுகின்றன. பண்டிகை வாரத்தில் விமானத்தைத் தவறவிடுகிறவர்களில் பலர் கையில் போர்டிங் பாஸுடன்தான் நிற்கிறார்கள். இணையத்தில் செக்-இன் செய்துவிட்டோம், இனி அவசரமில்லை என்ற நினைப்பு. ஆனால் பெட்டி போட வேண்டியிருந்தால் 6.35-க்கு வந்தவருக்கும் 7.25-க்கு வந்தவருக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

ஒரு வாரம் முன்பு செய்ய வேண்டியது ஒன்றுதான். விமான நிறுவனத்தின் தளத்திலோ செயலியிலோ பி.என்.ஆர். எண்ணைப் போட்டு, பயண விவரத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள். டிக்கெட்டை ஏஜெண்ட் எடுத்திருந்தால் பல நேரம் அவருடைய கைப்பேசி எண்தான் அதில் இருக்கும். விமானம் ஒரு மணி நேரம் முன்கூட்டியே கிளம்பும் என்று மாற்றியிருந்தால் குறுஞ்செய்தி அவருக்குப் போகும்; பண்டிகைக்குக் கடையை மூடிவிட்டு அவரும் ஊருக்குப் போயிருப்பார். உங்கள் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். முனையம் எது என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ளலாம். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் 1, 4 என இரண்டு முனையங்களிலிருந்து கிளம்புகின்றன. நள்ளிரவு தாண்டிய விமானம் என்றால் தேதியை இரண்டு முறை பாருங்கள். திங்கள் 00.20 என்று போட்டிருந்தால் ஞாயிறு இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது எடை. சாதாரண வகுப்பில் பல நிறுவனங்கள் ஆளுக்கு 15 கிலோ பெட்டியும் 7 கிலோ கைப்பையும் அனுமதிக்கின்றன. நான்கு பேருக்கு 60 கிலோ. எல்லோரும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் பொதுவாக மொத்தமாகக் கணக்குப் பார்ப்பார்கள். தனித்தனியாக எடுத்த டிக்கெட்டுகளுக்கு அதை நம்ப முடியாது. சில நிறுவனங்களில் ஆளுக்கு ஒரே உருப்படிதான். அங்கே எடை மிச்சம் இருந்தாலும், கயிறு கட்டிய ஐந்தாவது அட்டைப்பெட்டிக்குத் தனியாகப் பணம் கேட்பார்கள். உங்கள் டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, பிறகு தனியாக ஏறி, வித்தியாசத்தைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். பெட்டிக்கு ஒரு கிலோவாவது குறைத்தே வையுங்கள். வீட்டு மெஷினும் கவுன்டர் மெஷினும் ஒரே எடையைக் காட்டும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. முறுக்கு இடத்தைத்தான் அடைக்கும், எடை குறைவு. அரிசியும் நெய்யும் நேர்மாறு. அம்மா முறுக்கை எவர்சில்வர் தூக்கில் போட்டுக் கொடுத்தால் தூக்கின் எடையும் சேர்ந்துகொள்ளும். லேசான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். தூக்கை அடுத்த முறை எடுத்துக்கொள்வதாகச் சொன்னால் அம்மா நம்பமாட்டார், ஆனாலும் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் எடை மிஞ்சினால், கூடுதல் எடையை முந்தின நாளே இணையத்தில் வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் கவுன்டரில் கட்டுவதைவிட அது மலிவு. அதைவிட முக்கியம், பணம் கட்டத் தனி வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பெட்டியை மூடும் முன் பிள்ளைகளின் பைகளைக் கொட்டிப் பாருங்கள். மீந்துபோன கம்பி மத்தாப்பு, துப்பாக்கிக்கான ரோல் கேப் ஏதாவது கிடைக்கும். பட்டாசு எந்த வடிவத்திலும் விமானத்தில் போகக் கூடாது, பெட்டியிலும் சரி, கையிலும் சரி. சூடமும் கொப்பரையும் தீப்பற்றக்கூடியவை என்பதால் அவற்றையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். பவர் பேங்க் பெட்டிக்குள் இருக்கக் கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். வழக்கமான 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர்தான். தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகும் வரம்பு 100. ஸ்கேனரில் இவற்றில் எது தெரிந்தாலும் பெட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு உங்கள் பெயரைக் கூப்பிடுவார்கள். நீங்கள் திரும்பிப் போய்த் திறந்து காட்டும்வரை பெட்டி விமானத்துக்குப் போகாது. நெய்யும் ஊறுகாயும் இரட்டை உறையில் கட்டி பெட்டிக்குள்ளே போகட்டும். முறுக்கு கையோடு வரலாம், ஆனால் பையின் மேல்பக்கம் வையுங்கள். அடர்த்தியான இனிப்பு டப்பாவைத் திறந்து காட்டச் சொல்வது சகஜம்.

இனி சாலை. இந்தக் கணக்கில் அதிகம் தப்பாகும் இடம் இதுதான். விழுப்புரத்திலிருந்து விமான நிலையம் சுமார் 150 கிலோமீட்டர், சாதாரண நாளில் மூன்று மணி நேரம் போதும். பண்டிகை முடிந்த ஞாயிறு சாதாரண நாள் அல்ல. தென் மாவட்டங்களிலிருந்து சென்னை திரும்பும் பேருந்தும் காரும் அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் வருகின்றன. பரனூர் சுங்கச்சாவடியில் தொடங்கும் நெரிசல் கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர், தாம்பரம் வரை நீளும். விமான நிலையம் அதற்கும் அப்பால். வடகிழக்குப் பருவமழை நேரம் என்பதால் மழையும் சேர்ந்துகொள்ளலாம்.

ஆகவே 6.30-லிருந்து பின்னோக்கி வாருங்கள். பெட்டி போடும் வரிசைக்கு ஒரு மணி நேரம், வாசலில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் அடையாள அட்டை பார்க்கும் வரிசைக்கு அரை மணி, இறங்கிச் சாமான் எடுத்து ட்ராலி தேட அரை மணி. மாலை 4.30-க்கு வாசலில் இருக்க வேண்டும். சாலைக்கு ஐந்து மணி நேரம், வழியில் சாப்பிட அரை மணி. காலை 11 மணிக்கு வண்டி கிளம்பிவிட வேண்டும். “இவ்வளவு சீக்கிரமா?” என்று வீட்டில் கேட்பார்கள். மதியம் இரண்டு மணிக்குப் பரனூரைத் தாண்டுவதும் ஐந்து மணிக்குத் தாண்டுவதும் ஒன்றல்ல.

அப்படியும் சிக்கிக்கொண்டால் ஒரு மாற்று வழி உண்டு. செங்கல்பட்டு – கடற்கரை புறநகர் ரயில் திரிசூலத்தில் நிற்கும்; விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. கூட்டத்தில் நான்கு பெட்டிகளோடு எல்லோரும் ஏறுவது கஷ்டம். ஆனால் நெரிசலில் வண்டி நகராமல் நிற்பதைவிட அது மேல். முடிவை செங்கல்பட்டிலேயே எடுத்துவிடுங்கள். பெருங்களத்தூர் நெரிசலின் நடுவில் பெட்டியோடு இறங்கி நடப்பது பெரும்பாடு.

வரிசையில் நிற்கும்போதும் 6.30-ஐ மறக்காதீர்கள். 6.10 ஆகியும் முன்னால் இருபது பேர் இருந்தால் அருகில் நிற்கும் ஊழியரிடம் டெல்லி விமானம், 7.30 என்று சொல்லுங்கள். நேரம் நெருங்கியவர்களைத் தனியே அழைத்து முன்னால் விடுவது வழக்கம். கேட்காமல் நிற்பவர்களை அவர்கள் கவனிக்காமல் போகலாம்.

சரியான நேரத்தில் வந்தும், இடத்துக்கு மேல் டிக்கெட் விற்றதால் ஏற்ற முடியாது என்று நிறுவனம் சொன்னால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி உங்கள் பக்கம் இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தராவிட்டால் இழப்பீடு தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாற்று விமானம் தந்தால் அது 10,000 ரூபாய் வரை, அதற்கும் தாண்டினால் 20,000 ரூபாய் வரை. ஆனால் கவுன்டர் மூடிய பிறகு வந்தவருக்கு இதில் எதுவும் கிடையாது.