பின்தங்கினால் விரட்ட வேண்டாம்

பைக் கிளப் ஒன்று நல்ல காரியத்துக்காக ரைடு போகிறது என்றால், கிளம்புவதற்குச் சில நாள் முன்பே கேப்டனிடமிருந்து உறுப்பினர்களுக்குக் கடிதம் வந்துவிடும். எந்த வழி, எங்கே நிற்பது, எப்படி ஓட்டுவது என்று அதில் எழுதியிருக்கும். வழக்கமாக வருகிறவர்களுக்கு இதில் பாதி மனப்பாடம். ஆனால் நன்கொடை ரைடுக்கு உறுப்பினர்களின் நண்பர்கள், அலுவலகத் தோழர்கள் என்று புதியவர்களும் வருவார்கள். பத்து வருடம் பைக் ஓட்டியிருப்பார்கள். கூட்டமாக ஒருநாளும் ஓட்டியிருக்க மாட்டார்கள். கடிதம் முக்கியமாக அவர்களுக்குத்தான்.

ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து ஏலகிரிக்கு 20 பைக்குகள். மலைமேல் உள்ள பள்ளிக் குழந்தைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுப்பது நோக்கம். கேப்டனின் கடிதம் இப்படித் தொடங்குகிறது:

“நண்பர்களுக்கு வணக்கம். ஞாயிறு காலை 5 மணிக்குப் பூந்தமல்லியில் கூடுகிறோம். டேங்க் நிரப்பி, காற்று பார்த்துவிட்டு வாருங்கள். ஸ்ரீபெரும்புதூர், வாலாஜாபேட்டை, வேலூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடி. அங்கே நெடுஞ்சாலையை விட்டுத் திருப்பத்தூர் சாலையில் திரும்பி, பொன்னேரியில் மலை ஏறுகிறோம். போனில் வெறுமனே ‘பொன்னேரி’ என்று போட்டால் திருவள்ளூர் மாவட்டத்துப் பொன்னேரிக்கும் வழி காட்டும். ‘ஏலகிரி’ என்றே போடுங்கள். நோட்டுப் புத்தகங்கள் வேனில் வரும். யாரும் மூட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரவேண்டாம்.”

அந்தக் கடைசி வரி சும்மா எழுதியதல்ல. பின்சீட்டில் உயரமாகக் கட்டிய மூட்டை வளைவில் வண்டியை ஒரு பக்கம் இழுக்கும். கயிறு தளர்ந்து சக்கரத்தில் சுற்றினால் பின்னால் வருகிறவரும் சேர்ந்து விழுவார்.

அடுத்து வருவது வரிசை. 20 பைக்குகளும் ஒரே கூட்டமாகப் போகக் கூடாது; ஐந்தைந்து பேராக நான்கு குழு. ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் ஒரு ‘லீட்’, கடைசியில் ஒரு ‘ஸ்வீப்’. லீட் தன் தடத்தின் வலது ஓரத்தில் போவார். அடுத்தவர் இடது ஓரம், மூன்றாமவர் மறுபடி வலது. பக்கத்து ஓரத்தில் போகும் முன் வண்டிக்கும் உங்களுக்கும் ஒரு வினாடி இடைவெளி. உங்களுக்கு நேர் முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் இரண்டு வினாடி. முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் எண்ண ஆரம்பித்தால் கணக்கு தெரிந்துவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் இரண்டு வினாடி என்பது சுமார் 33 மீட்டர். முன்னால் போகிறவர் குழியைக் கண்டு சட்டென்று ஒதுங்கினால் உங்களுக்கும் ஒதுங்க இடமிருக்கும். இதே கணக்கில் 20 வண்டியும் ஒரே வரிசையில் போனால் முதல் வண்டிக்கும் கடைசி வண்டிக்கும் நடுவே 300 மீட்டருக்கு மேல் வந்துவிடும். எந்த சிக்னலும் அத்தனை பேரை ஒரே பச்சையில் விடாது.

கூட்டு ரைடில் விபத்து முளைக்கக்கூடிய இடங்களில் இந்த சிக்னலும் ஒன்று. லீட் தாண்டிவிட்டார், நீங்கள் சிவப்பில் மாட்டிக்கொண்டு ஒரு நிமிடம் நின்றீர்கள் என்று வையுங்கள். 60-இல் போகும் அவர் அதற்குள் ஒரு கிலோமீட்டர் போயிருப்பார். பச்சை விழுந்ததும் 80-இல் விரட்டினால் அவரைப் பிடிக்க மூன்று நிமிடம் ஆகும்; நான்கு கிலோமீட்டர் ஓடவேண்டும். அந்த நான்கு கிலோமீட்டரில் மீடியன் இடைவெளியில் திரும்பும் டிராக்டர் இருக்கும், ராங் சைடில் வரும் மொபெட் இருக்கும், பஸ்ஸுக்காகக் குறுக்கே ஓடும் ஆள் இருப்பார். உங்கள் கண்ணோ தூரத்தில் தெரியும் சிவப்பு விளக்கைத் தேடிக்கொண்டிருக்கும். விரட்டாமல் 60-இலேயே போயிருந்தால் அடுத்த நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம் தாமதமாக வந்திருப்பீர்கள். இழப்பு அவ்வளவுதான்.

“விரட்டாதீர்கள்” என்று எழுதினால் மட்டும் போதாது என்று கேப்டனுக்குத் தெரியும். வழி தவறிவிடுமோ, விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம்தான் விரட்டச் சொல்கிறது. அந்தப் பயத்தைப் போக்கக் கடிதத்தில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒன்று, திருப்பத்தில் ஆள் நிற்பது. வாணியம்பாடியில் திரும்பும்போது லீட்டுக்கு அடுத்தவர் முனையில் ஓரமாக வண்டியை நிறுத்தி, தன் குழுவின் ஸ்வீப் வரும்வரை கை காட்டிக்கொண்டே நிற்பார். பிறகு ஸ்வீப்புக்கு முன்னால் சேர்ந்துகொள்வார். எனவே எந்தத் திருப்பத்திலும் ஆள் இல்லையென்றால் நேராகப் போகலாம். மற்றொன்று, காஞ்சிபுரம் பிரிவு, வாலாஜாபேட்டை, ஆம்பூர் என்று பெயர் சொல்லிக் குறித்த நிறுத்தங்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்து, அவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை யாரும் கிளம்பக் கூடாது. ஆம்பூரில் இட்லி மட்டும், பிரியாணி திரும்பும்போது. வயிறு நிறைய உண்டுவிட்டு வளைவு ஏறினால் கண் சொருகும்.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலேயே வரிசை கலைகிறது. இங்கே ஒற்றை வரிசை, அவரவர் வேகம். “முன்னால் போகிறவரின் பின்விளக்கைப் பார்த்து ஓட்டாதீர்கள், அவர் தப்பாகத் திரும்பினால் நீங்களும் தப்பாகத் திரும்புவீர்கள். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள்” என்கிறது கடிதம். பஸ் திரும்பும்போது சாலை முழுவதும் அதற்கே வேண்டும். வளைவுக்கு முன்பே ஹார்ன் அடித்து, எதிரில் பஸ் தெரிந்தால் நின்றுவிட வேண்டும். குறுகிய மலைச் சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது சாலை விதி. இறங்கும்போது இரண்டாவது கியர். இன்ஜினை அணைக்கவோ நியூட்ரலில் விடவோ கூடாது. வழி நெடுக பிரேக்கையே அழுத்தி வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போகிறது, கருகல் வாடை வருகிறது என்றால் உடனே ஓரங்கட்டி ஆறவிட வேண்டும்.

யாராவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் ஒரு பத்தி. ஸ்வீப்பும் இன்னொருவரும் மட்டும் நிற்பார்கள். ஒருவர் 108-ஐ அழைப்பார், மற்றவர் பின்னால் வரும் வண்டிகளை எச்சரிப்பார். மீதிப் பேர் அடுத்த நிறுத்தம் வரை போய்க் காத்திருக்க வேண்டும். பதினைந்து வண்டிகள் சாலையில் கூடினால் அங்கேயே இரண்டாவது விபத்து நடக்கும். விழுந்தவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்றக் கூடாது, கழுத்தில் அடிபட்டிருக்கலாம்.

உறுப்பினர்கள் பதில் எழுதவேண்டிய கேள்விகள் கடைசியில். ரத்த வகை என்ன, வீட்டில் யாருக்குச் சொல்வது, பின்சீட்டில் யார் வருகிறார், அவருக்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட் இருக்கிறதா, இதற்கு முன் கூட்டமாக ஓட்டியதுண்டா. கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்றவர்களை லீட்டுக்கு நேர் பின்னால் போடுவார் கேப்டன். வரிசையின் வால்தான் அதிகம் நின்று அதிகம் ஓடும். தலைப்பக்கம் வேகம் சீராக இருக்கும். லீட்டும் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

“இந்த வேகம் போதாது என்பவர்கள் தனியாகக் கிளம்பிப் பள்ளிக்கு நேரே வந்துவிடலாம். குழுவுக்குள் நுழைந்து முந்தவேண்டாம்” என்று முடிகிறது கடிதம். கட்டிய நன்கொடையைக் கேப்டன் திருப்பித் தரமாட்டார். வரிசையில் ஓர் இடம் குறையும், அவ்வளவே.