சென்னை சைட் அனுபவத்தை டொராண்டோவுக்குச் சொல்வது எப்படி?

கனடாவில் ஒரு கட்டுமான நிறுவனம் ஆள் எடுக்கும்போது, வந்து குவியும் விண்ணப்பங்களில் முதலில் படிக்கப்படுவது பெயருக்குக் கீழே உள்ள நான்கைந்து வரிகள்தான். 'புரொஃபஷனல் சம்மரி' என்பார்கள். இவர் யார், என்ன செய்யத் தெரிந்தவர், இங்கே என்ன வேலைக்குப் பொருந்துவார் என்பதை அந்த வரிகளே சொல்லிவிட வேண்டும். நம் ஊரிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். திறமை குறைவு என்பதால் அல்ல. படிக்கிறவருக்கு நம் கல்லூரி தெரியாது, நம் நிறுவனத்தின் பெயர் தெரியாது, 'ஸ்டில்ட் பிளஸ் 14' என்றால் என்னவென்று தெரியாது. எட்டு ஆண்டு உழைப்பை எதை வைத்து அளப்பதென்று அவருக்குப் புரிவதில்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஒருவர் திருச்சியில் பாலிடெக்னிக் முடித்து, நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்து 2015-ல் பி.இ. சிவில் முடித்தவர். சென்னையில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் எட்டு ஆண்டு பில்லிங் இன்ஜினியர். நிரந்தரக் குடியுரிமை கிடைத்து ஒன்டாரியோ மாகாணத்துக்கு வந்திருக்கிறார். கட்டுமானச் செலவைக் கணக்கிடும் எஸ்டிமேட்டர் வேலைக்கு விண்ணப்பிக்கிறார். அவருடைய சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும். அதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

"எட்டு ஆண்டு அனுபவமுள்ள, கடினமாக உழைக்கும் சிவில் இன்ஜினியர். அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் வகுப்பில் தேர்ச்சி. 42 கோடி ரூபாய் அடுக்குமாடித் திட்டத்தில் ஆர்.ஏ. பில், பி.ஓ.கியூ. வேலைகளைக் கவனித்தவர். சவாலான பணியை எதிர்நோக்குகிறார்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் டொராண்டோவில் படிப்பவருக்கு இது ஏறக்குறைய வெற்றுத்தாள். வரி வரியாகப் பார்க்கலாம்.

முதல் சிக்கல் 'சிவில் இன்ஜினியர்' என்ற பட்டத்திலேயே இருக்கிறது. பி.இ. முடித்த யாரையும் நாம் இன்ஜினியர் என்கிறோம். ஒன்டாரியோவில் பொறியாளர் தொழிலுக்குத் தனிச் சட்டம் உண்டு. 'புரொஃபஷனல் இன்ஜினியர்ஸ் ஒன்டாரியோ' என்ற அமைப்பு தரும் உரிமம் பெற்றவரே பி.இங். என்று போட்டுக்கொள்ளலாம். உரிமம் இல்லாதவர், தான் பொறியியல் தொழில் செய்யத் தகுதி பெற்றவர் என்று மற்றவர்கள் நினைக்கும்படி 'இன்ஜினியர்' பட்டத்தைப் பயன்படுத்தினால் அது சட்டமீறல். விவரம் தெரிந்த மேலாளர் இந்த வரியைப் பார்த்ததும், இவருக்கு இங்குள்ள விதி தெரியவில்லை என்று நினைப்பார். சென்னையில் வகித்த பதவியின் பெயரைக் கீழே பணி அனுபவப் பகுதியில், ஊரும் ஆண்டும் சேர்த்து, அப்படியே எழுதலாம். அது நடந்த உண்மை. மேலே சம்மரியில், எந்த வேலைக்கு விண்ணப்பிக்கிறாரோ அந்த வேலையின் பெயர் வர வேண்டும். இவர் விஷயத்தில் 'கட்டுமான எஸ்டிமேட்டர், சிவில் பொறியியல் பட்டதாரி' என்று தொடங்குவது சரி. எஸ்டிமேட்டர் வேலைக்குப் பொறியாளர் உரிமம் கேட்கும் சட்டமும் இல்லை.

அடுத்தது 42 கோடி. கோடி என்ற எண்ணே அங்கே புழக்கத்தில் இல்லை என்பதால் பலரும் டாலருக்கு மாற்றி எழுதுகிறார்கள். அதில்தான் ஆபத்து அதிகம். 42 கோடி ரூபாய் என்பது 60-லிருந்து 70 லட்சம் கனடிய டாலருக்குள் வரும். சென்னையில் அந்தப் பணத்துக்கு இரண்டு பிளாக், 14 மாடி எழும்பியிருக்கிறது. டொராண்டோவில் அதே கட்டடத்துக்குப் பல மடங்கு செலவாகும். ஆகவே டாலர் தொகையை மட்டும் பார்ப்பவர், இவர் ஏதோ சிறிய கட்டடத்தில் வேலை பார்த்திருக்கிறார் என்றே முடிவுகட்டுவார். மாற்று விகிதம் சரியாக இருந்தும் செய்தி தவறாகப் போய்ச் சேர்கிறது. பணத்தை விட்டுவிட்டுப் பொருளின் அளவைச் சொல்வதுதான் வழி: இரண்டு கோபுரங்கள், ஒவ்வொன்றும் 14 மாடி, மொத்தம் 180,000 சதுர அடி. கமாவைக்கூடக் கவனியுங்கள். 1,80,000 என்று நம் வழக்கப்படி போட்டால் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.

மூன்றாவது, தொழிலின் பெயர்ச்சொற்கள். ஆர்.ஏ. பில் என்றால் சைட்டில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். எம்-புக்கில் பதிந்த அளவை வைத்து, முடிந்த வேலைக்கு மாதாமாதம் போடும் பில். கனடாவிலும் இதே வேலை நடக்கிறது. அங்கே அது 'புரோகிரஸ் பில்லிங்'. நம் ஐட்டம் ரேட் ஒப்பந்தத்துக்கு அங்கே ஏறக்குறைய இணையானது 'யூனிட் பிரைஸ்' ஒப்பந்தம். அதற்கென்று சி.சி.டி.சி. 4 என்ற பொதுப் படிவமே இருக்கிறது. மொத்த விலை பேசிக் கட்டும் வேலைக்கு சி.சி.டி.சி. 2. வரைபடத்தைப் பார்த்து கான்கிரீட் எத்தனை கன மீட்டர், கம்பி எத்தனை டன் என்று எடுப்பது 'குவான்டிட்டி டேக்ஆஃப்'. நம்மவர் இதையெல்லாம் எட்டு ஆண்டாகச் செய்துவருகிறார். அவர் எழுதிய சொல்லை வைத்து அங்கே யாருக்கும் அது தெரியப்போவதில்லை.

ஆனால் பெயரை மாற்றினால் பொருளும் அப்படியே மாறிவிடும் என்று எண்ணக்கூடாது. பில்லில் பிடித்துவைக்கும் ரிடென்ஷன் தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஒன்டாரியோவில் 'ஹோல்ட்பேக்' என்ற பெயரில் 10 சதவீதம் பிடிக்க வேண்டும் என்று கட்டுமானச் சட்டமே சொல்கிறது. முறையான பில் கிடைத்த 28 நாளுக்குள் உரிமையாளர் பணம் தர வேண்டும் என்ற விதி 2019 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. 'ஹோல்ட்பேக் கணக்கில் அனுபவம்' என்று எழுதிவிட்டு நேர்காணலில் இந்த இரண்டையும் சொல்லத் தெரியாமல் விழித்தால், மற்ற வரிகளின் மீதும் சந்தேகம் வந்துவிடும்.

கான்கிரீட்டிலும் இதே கதைதான். நம் எம்30 என்பது 150 மில்லிமீட்டர் கனசதுரத்தை 28-ஆம் நாளில் நசுக்கிப் பார்த்துக் கிடைக்கும் வலிமை. கனடாவில் உருளை வடிவ மாதிரியைச் சோதிக்கிறார்கள். ஒரே கான்கிரீட், உருளையில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு வலிமையே காட்டும். எம்30-ஐ '30 மெகாபாஸ்கல்' என்று நேராகப் பெயர்த்து எழுதினால் விஷயம் தெரிந்தவர் கண்ணில் உடனே உறுத்தும். தெளிவாக 'இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456-ன்படி' என்று எழுதுவதே நேர்மை, பாதுகாப்பும்கூட. கனடியத் தரநிலையைப் படிக்கத் தொடங்கியிருந்தால் அதையும் ஒரு சொல்லில் சேர்க்கலாம். படிக்காமல் சேர்க்கக்கூடாது.

இனி படிப்பு. இவர் பி.இ. படித்த காலம் 2012 முதல் 2015 வரை. பார்ப்பவருக்கு அது மூன்றாண்டுப் பட்டம் போலத் தெரியும். டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. அதனால் முடித்த ஆண்டை மட்டும் போட்டு, டிப்ளமோவையும் பக்கத்தில் குறிப்பிடுவது நல்லது. முதல் வகுப்பு, சதவீதம், சி.ஜி.பி.ஏ. ஆகியவற்றை சம்மரியில் விட்டுவிடலாம். நம் 68 சதவீதம் முதல் வகுப்பு. வட அமெரிக்க மதிப்பெண் முறையில் பழகியவருக்கு அது சுமாரான மாணவனின் மதிப்பெண்.

மாறாக, அந்த வரியில் கல்வி மதிப்பீட்டு அறிக்கையைக் குறிப்பிடலாம். குடியேற்ற விண்ணப்பத்துக்காக 'வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ்' போன்ற, கனடிய அரசு ஏற்ற ஓர் அமைப்பிடம் இவர் ஏற்கெனவே மதிப்பீடு வாங்கியிருப்பார். அதைப் பெட்டியில் வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். 'கனடிய இளநிலைப் பட்டத்துக்கு இணை' என்று அறிக்கை சொன்னால், அதே சொற்களை, மதிப்பிட்டவர் பெயரோடு எழுத வேண்டும். நாமாக ஒரு சொல்லும் கூட்டக்கூடாது. அந்த அறிக்கை பட்டத்தின் நிலையை மட்டும் சொல்கிறது. அது பொறியாளர் உரிமம் ஆகாது. இரண்டையும் குழப்பி 'கனடாவில் அங்கீகரிக்கப்பட்ட பொறியாளர்' என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அது பெரிய தவறு.

இத்தனையும் சேர்த்து எழுதினால் சம்மரி இப்படி வரும்:

"கட்டுமான எஸ்டிமேட்டர், சிவில் பொறியியல் பட்டதாரி. இந்தியாவின் சென்னையில், 300 பேர் பணியாற்றும் கட்டட ஒப்பந்த நிறுவனத்தில் எட்டு ஆண்டு அனுபவம். 14 மாடிக் குடியிருப்புக் கோபுரங்கள் இரண்டுக்கு (மொத்தம் 180,000 சதுர அடி) குவான்டிட்டி டேக்ஆஃப், மாதாந்திர புரோகிரஸ் பில்லிங், துணை ஒப்பந்தக்காரர்களின் பில் சரிபார்ப்பு ஆகியவற்றை யூனிட் பிரைஸ் ஒப்பந்தத்தின் கீழ் நேரடியாகச் செய்தவர். டிப்ளமோவும் பி.இ. பட்டமும் பெற்றவர், பி.இ., வேர்ல்ட் எஜுகேஷன் சர்வீசஸ் மதிப்பீட்டின்படி கனடிய இளநிலைப் பட்டத்துக்கு இணை. ஆட்டோகேட், எக்செல் தெரியும். கனடாவில் வேலை செய்யும் உரிமை உள்ளவர்."

'நேரடியாகச் செய்தவர்' என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நாம் பணிவாக 'கவனித்தவர்', 'உதவியவர்' என்று எழுதிப் பழகியவர்கள். அங்கே உதவியவர் என்றால் இன்னொருவர் செய்தார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். குழுவோடு செய்ததைக் குழுவோடு என்றும், தன் கையால் செய்ததைத் தன் கையால் என்றும் பிரித்து எழுதுவதில் தற்பெருமை எதுவும் இல்லை. படம், பிறந்த தேதி, தந்தை பெயர், திருமண நிலை ஆகியவற்றுக்கு விண்ணப்பத்தில் இடமே வேண்டாம்.

'கனடிய அனுபவம் உண்டா?' என்ற கேள்வியால் எத்தனையோ பேர் மனம் நொந்திருக்கிறார்கள். சட்டம் கொஞ்சம் கைகொடுக்கத் தொடங்கியிருக்கிறது. பொறியாளர் உரிமத்துக்குக் கனடிய அனுபவம் கட்டாயம் என்ற விதியை 2023 மே மாதத்தில் ஒன்டாரியோவின் உரிம அமைப்பு நீக்கிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணியாற்றும் நிறுவனங்கள் பொது வேலை விளம்பரத்தில் கனடிய அனுபவத்தைத் தகுதியாகக் கேட்கக்கூடாது. ஆனாலும் சட்டம் விளம்பரத்தைத்தான் கட்டுப்படுத்தும். விண்ணப்பத்தைப் படிப்பவருக்குப் புரியும்படி எழுதும் பொறுப்பு நம்முடையதே.

சம்மரி வேலை செய்கிறதா என்பதை வரும் பதிலே காட்டிக்கொடுக்கும். அழைப்பே வரவில்லை என்றால் முதல் வரியிலுள்ள வேலைப் பெயர் விளம்பரத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அழைத்தவர் 'சரியாக என்னதான் செய்தீர்கள்?' என்று தொடங்கினால், அளவும் பொறுப்பும் எழுத்தில் தெரியவில்லை. 'உரிமம் உண்டா?' என்று கேட்டுவிட்டு உரையாடலை முடித்துக்கொண்டால், 'இன்ஜினியர்' என்ற சொல் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. உரிமத்துக்கு விண்ணப்பித்த பிறகு 'விண்ணப்பம் பரிசீலனையில்' என்று ஒரு வரி சேர்க்கலாம். விண்ணப்பிக்கும் முன்பே அதை எழுதக்கூடாது.