வேலையை விட்டவரின் சாவி எப்போது செயலிழக்கும்?

அமேசான் கிளவுடில் சர்வர் வைத்திருக்கும் நிறுவனங்கள் பல, முன்பெல்லாம் பொறியாளர் ஒவ்வொருவருக்கும் அங்கே தனிப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துவந்தன. நிரல்களில் பயன்படுத்த AKIA என்று தொடங்கும் ஒரு சாவியும் கூடவே வரும். அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. அழிக்க மறந்துவிட்டால், ஆள் வேலையை விட்டுப் போய் இரண்டு வருடமானாலும் அது திறந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போதைய ஏற்பாட்டில் கிளவுடில் ஆளுக்கென்று கணக்கே வைப்பதில்லை. காலை 9 மணிக்குப் பொறியாளர் ஒருவர் உள்ளே போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆக்டா, மைக்ரோசாஃப்ட் என்ட்ரா போன்ற, தன் நிறுவனத்தின் லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டைத் தட்டி, கைபேசியிலும் உறுதிசெய்கிறார். ‘இவர் இன்னார், இந்த ரோலை எடுத்துக்கொள்ளலாம்’ என்று டிஜிட்டல் கையெழுத்திட்ட சான்று ஒன்றை அந்தப் பக்கம் தருகிறது. பிரவுசர் அதை 5 நிமிடத்துக்குள் அமேசானிடம் ஒப்படைக்க வேண்டும். கையெழுத்து சரியாக இருந்தால் அமேசான் தற்காலிகச் சாவி ஒன்றை வழங்கும். இது ASIA என்று தொடங்கும். நாமாக மாற்றாவிட்டால் ஆயுள் 1 மணி நேரம். 15 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி லாகின் செய்யும் எரிச்சலுக்குப் பயந்து பலரும் 12-ஐ வைத்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான்.

10 மணிக்கு அவரை வேலையிலிருந்து நீக்கி, நிறுவனக் கணக்கையும் முடக்கிவிட்டார்கள். இனி அவரால் புதிதாக நுழைய முடியாது. ஆனால் 9 மணிக்கு வாங்கிய சாவி இரவு 9 மணி வரை செல்லும். ஒவ்வொரு கட்டளைக்கும் அமேசான் நிறுவனத்திடம் திரும்பக் கேட்பதில்லை; சாவி செல்லுமா என்பதை மட்டுமே பார்க்கிறது.

இதை நிறுத்த, கன்சோலில் அந்த ரோலைத் திறந்து `Revoke active sessions` என்பதை அழுத்த வேண்டும். அந்த நொடிக்கு முன் வழங்கப்பட்ட சாவி எதற்கும் அனுமதியில்லை என்ற விதி ரோலோடு சேர்ந்துவிடும். அதே ரோலில் வேலை செய்துகொண்டிருக்கும் மற்றவர்களும் தடைபடுவார்கள். மறுபடி லாகின் செய்தால் போதும்.

அதன் பிறகும் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். நிரந்தரச் சாவி உருவாக்கும் அனுமதி அந்த ரோலுக்கு இருந்திருந்தால், அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவர் AKIA சாவி ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கலாம். ரோலை முடக்கினாலும் அந்தச் சாவி சாகாது. கிளவுட்டிரெயில் பதிவேட்டில் செஷன் பெயராகப் பெரும்பாலும் ஊழியரின் மின்னஞ்சலே இருக்கும். அதை வைத்து, `CreateAccessKey` என்ற பதிவு இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தால் அந்தச் சாவியைத் தனியே அழிக்க வேண்டும்.