எல்லாரும் தூங்கும்போது மீட்டர் ஏன் சுழல்கிறது?

பாரிட் புந்தாரில் குழாய் வேலை செய்யும் ஒருவர் எடுத்த ஒரு நிமிடக் காணொளியைப் போன மாதம் என் மாணவி ஒருத்தி காட்டினாள். அதில் அவர் பேசுவது மிகக் குறைவு. வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடுகிறார். வாசலில் இருக்கும் தண்ணீர் மீட்டரின் மூடியைத் திறக்கிறார். உள்ளே ஒரு சின்னச் சக்கரம் மெதுவாகச் சுழல்கிறது. "யாருமே தண்ணி பிடிக்கல. அப்போ இது யாருக்குச் சுத்துது?" என்று கேட்டுவிட்டுக் காணொளியை முடிக்கிறார்.

அந்தக் கேள்விக்கு விடை தேட, முதலில் மீட்டரைப் படிக்கத் தெரிய வேண்டும். நம் வீடுகளில் உள்ள பெரும்பாலான மீட்டர்களில் கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். சிவப்பு எண்களும் சிவப்பு முட்களும் அதற்கும் குறைந்த அளவை, அதாவது லிட்டர்களைக் காட்டும். இவற்றின் நடுவே நட்சத்திரம் போலவோ முக்கோணம் போலவோ ஒரு சிறு சக்கரம் இருக்கும். மீட்டருக்குள் ஓடும் நீர் ஒரு சுழலியைத் தள்ளுகிறது. அந்தச் சுழற்சி பற்சக்கரங்கள் வழியாக எண்களுக்குப் போகிறது. சிறு சக்கரம் சுழலிக்கு மிக அருகில் இணைந்திருப்பதால், எண்கள் நகர்வதற்கு வெகு முன்பே அது அசைந்துவிடும். கசிவைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சக்கரம்தான்.

சோதனையை இரவில், எல்லாரும் குளித்து முடித்த பிறகு செய்யுங்கள். அதற்குக் காரணம் கூரைக்குக் கீழே இருக்கும் தண்ணீர்த் தொட்டி. நீங்கள் குளித்து முடித்தாலும், தொட்டி நிரம்பும் வரை மீட்டர் சுழன்றுகொண்டேதான் இருக்கும். அதைக் கசிவு என்று நினைத்துவிடக் கூடாது. கடைசியாகத் தண்ணீர் பயன்படுத்தி ஒரு மணி நேரம் போகட்டும். துணி துவைக்கும் இயந்திரமும் ஓடக் கூடாது. பிறகு மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுங்கள். 30 நிமிடம் யாரும் குழாயைத் தொடாமல் இருந்து, மீண்டும் ஒரு படம் எடுங்கள். இரண்டு படங்களிலும் எண்கள் மாறாமல், சக்கரமும் அசையாமல் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

அன்றிரவு என் வீட்டிலும் இதைச் செய்து பார்த்தேன். 30 நிமிடத்தில் 9 லிட்டர் ஓடியிருந்தது. கணக்குப் போடுங்கள்: மணிக்கு 18 லிட்டர், நாளுக்கு 432 லிட்டர், 30 நாளில் ஏறத்தாழ 13 கன மீட்டர். யாரும் குடிக்காத, குளிக்காத தண்ணீர் அது. ஆனால் அதற்கும் நாங்கள்தான் பணம் கட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்து, தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். முதலில் சந்தேகிக்க வேண்டியது கழிவறைத் தொட்டியை. அதன் அடியிலுள்ள ரப்பர் மூடி தேய்ந்தால் நீர் சத்தமில்லாமல் வழிந்துகொண்டே இருக்கும். தொட்டிக்குத் தண்ணீர் வரும் சிறு வால்வைக் கையால் திருகி மூடலாம். எங்கள் வீட்டிலுள்ள இரண்டு கழிவறைகளின் வால்வுகளையும் மூடினேன். கூரைத் தொட்டி மறுபடி நிரம்ப இடம் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து மீண்டும் அளந்தேன். இப்போது மீட்டர் நின்றிருந்தால், குற்றவாளி கழிவறைதான். ரப்பர் மூடியைப் பெரியவர்கள் துணையோடு வீட்டிலேயே மாற்றிவிடலாம்.

மீட்டர் நிற்கவில்லை. அதே 9 லிட்டர்.

இரண்டாவது சந்தேகம் கூரைத் தொட்டியின் மிதவை வால்வு. அது சரியாக மூடாவிட்டால், மிகுதி நீர் ஒரு குழாய் வழியே வீட்டுக்கு வெளியே சொட்டும். கூரை விளிம்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாயைக் கீழே நின்றே பார்க்கலாம். ஏணி தேவையில்லை. எங்கள் குழாய் காய்ந்திருந்தது.

இதுதான் அந்த அடையாளம். எல்லாக் குழாய்களும் மூடியிருக்கின்றன, கழிவறை வால்வுகளும் மூடியிருக்கின்றன, மிகுதி நீர்க் குழாய் காய்ந்திருக்கிறது, ஆனாலும் சக்கரம் சுழல்கிறது. அப்படியானால் நீர் சுவருக்குள்ளோ தரைக்குள்ளோ போகிறது. இனி நம் கைவேலை போதாது. தொழில் தெரிந்தவரை அழைக்க வேண்டும். தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பானின் அனுமதி பெற்றவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மீட்டருக்கு முன்னால், சாலைப் பக்கம் நீர் பீறிட்டால் அது பிளம்பரின் வேலையும் அல்ல. பேராக் நீர் வாரியத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். மீட்டருக்குப் பின்னால் உள்ள குழாய்தான் வீட்டுக்காரரின் பொறுப்பு.

வந்தவர் கூரைத் தொட்டிக்குப் போகும் வால்வையும் மூடிப் பார்த்தார். அப்போதும் சக்கரம் நிற்கவில்லை. ஆகவே கசிவு மீட்டருக்கும் தொட்டிக்கும் இடையில் இருக்க வேண்டும். கார் நிறுத்தும் இடத்தின் சிமெண்டுத் தரைக்கு அடியில், பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. தரையில் ஈரமே தெரியவில்லை. கிரியான் சமவெளியின் மண் மென்மையான களிமண். தாழ்வான நெல்வயல் நிலம் என்பதால் மண்ணுக்குள் எப்போதுமே ஈரம் இருக்கும். அதனால் இங்கே ஈரத்தை வைத்து மட்டும் கசிவைக் கண்டுபிடிப்பது கடினம். அவர் தரையை முழுதும் உடைக்கவில்லை. பழைய குழாயைத் துண்டித்துவிட்டு, சுவரோரமாகப் புதிய குழாய் போட்டார். அன்றிரவு அளந்தபோது 30 நிமிடத்தில் ஒரு லிட்டர்கூட ஓடவில்லை.

ஓட்டை எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்? குழாயில் உள்ள அழுத்தம் 10 மீட்டர் உயர நீருக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டை வழியே நீர் வெளியேறும் வேகம் v = √(2gh). அதாவது √(2 × 9.8 × 10) = 14. வினாடிக்கு 14 மீட்டர், மணிக்கு 50 கிலோமீட்டர்! ஓட்டையின் குறுக்களவு 1 மில்லிமீட்டர் என்றால், நீர்த்தாரை சுருங்குவதையும் கணக்கில் எடுத்தால், நாளுக்கு ஏறத்தாழ 570 லிட்டர் போகும். எங்கள் வீட்டில் போனது 432 லிட்டர். ஆக, ஒரு மில்லிமீட்டரைவிடச் சிறிய ஓட்டை இவ்வளவையும் குடித்திருக்கிறது.

இந்தச் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. வினாடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் மணிக்கு ஒரு லிட்டரளவுதான் இழக்கும். அவ்வளவு மெல்லிய ஓட்டம் மீட்டரின் சுழலியை அசைக்காமலே போகலாம். ஆகவே சக்கரம் நின்றிருந்தாலும் சொட்டும் குழாயைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்யுங்கள்.

பணத்தைவிட முக்கியமான ஒன்று இன்னும் இருக்கிறது. குழாயில் அழுத்தம் இருக்கும்வரை ஓட்டை வழியே நீர் வெளியேதான் போகும். தண்ணீர் விநியோகம் தடைப்படும் நாளில் அழுத்தம் விழுந்துவிடும். அப்போது அதே ஓட்டை வழியே மண்ணிலுள்ள அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படலாம். குழாய் மறுபடி நிரம்பும்போது அது உங்கள் குவளைக்கு வரும். தண்ணீர் திரும்பி வந்ததும் கலங்கலாக இருந்து, மீட்டர் சோதனையும் கசிவைக் காட்டினால், பிளம்பர் வரும்வரை அந்த நீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.